பூனையின் மேல் வைத்த சாசர்

முக்கால் பாய் ஒரு வாக்கியத்தை முடித்துக் கேட்டவர் பத்து பகாட் ஊரில் ஒருவரும் இல்லை. கல்யாணத்தில்கூட “சம்ம...” வரைக்கும்தான் போனார் என்று பேச்சு.

அவர் சாப்பாட்டுக் கடையில் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸ் கேட்டால், “மீ இருக்கு, கேஸ் இருக்கு, சமையல்காரர்தான்...” என்றுவிட்டு உள்ளே போய்விடுவார். விவரம் தெரிந்தவர்கள் பக்கத்துக் கடைக்கு நடப்பார்கள். நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நான் எதையும் இரண்டு தடவை முடிக்கிற ஆள். அப்போது சனிக்கிழமைதோறும் ஒரு தமிழ்ப்பள்ளியில் கதை வாசித்து வந்தேன். எல்லாக் கதையும் “ஆகவே குழந்தைகளே” என்றுதான் முடியும். ‘ஆகவே’ காதில் விழுந்ததும் பிள்ளைகள் எழுந்து காலில் சப்பாத்து மாட்டத் தொடங்குவார்கள். மூன்று வாரம் பொறுத்த டீச்சர், இன்னொரு தடவை இப்படி ஆனால் எனக்குப் பதில் கார்ட்டூன் போடப்போவதாகப் பணிவாகச் சொன்னார்.

பயந்துபோய்ப் புதுக் கதையைப் பாயிடம் கொடுத்தேன். மெர்சிங் படகுத்துறையில் ஒரு பேராசை பிடித்த பூனை. மீன் கிடைத்தால் அதன் வாலைக்கூட வெளியே விடாமல் காலடியில் இழுத்து வைத்துக்கொள்ளும், காகத்தை விரட்டும். புயலில் படகு வராத நாளில் அதே காகம் ஒரு மீன்தலையைப் பூனை முன்னால் போடுகிறது. பூனை தன் தவற்றை உணர்கிறது. ஆகவே குழந்தைகளே, பகிர்ந்து உண்ண வேண்டும், பெரியோரை மதிக்க வேண்டும், பல் துலக்க வேண்டும்.

பாய் கடைசிப் பத்தியின் மேல் தேநீர்ச் சாசரைக் கவிழ்த்தார்.

“பாய், அதுலதான் கருத்தே இருக்கு.”

“உணருதுன்னு போட்டிருக்க. உணர்ந்துட்டு காலு, கையி, வாலு ஏதாச்சும்...”

போய்விட்டார். ஒன்றும் புரியவில்லை. திரும்பி வந்தவர் முதல் வரியில் ‘பேராசை பிடித்த’ என்பதை விரலால் மறைத்தார். “இத முன்னாலயே சொல்லிட்டா, புள்ளைங்களுக்கு என்ன வேல...”

இரண்டு தே குடித்தபின்தான் விளங்கியது. பூனை உணர்ந்தது என்று நான் சொல்லக்கூடாது; பூனை எதையாவது செய்யவேண்டும். அது என்ன என்று தேடினால், அந்த மீன்வால் முதல் பக்கத்திலேயே கிடந்தது. புதிய முடிவு இப்படி: மறுநாள் படகு வந்தது. மீன் கிடைத்தது. கம்பத்தின் மேல் காகம். பூனை வழக்கம்போல மீன்வாலை இழுக்கக் காலை நீட்டியது. இழுக்கவில்லை. திரும்பிக் கடலைப் பார்த்தது.

சனிக்கிழமை அதோடு நிறுத்தினேன். ‘ஆகவே’ வராததால் எழுந்திரிப்பதா வேண்டாமா என்று பிள்ளைகளும் குழம்ப, நானும் குழம்பினேன். கதை செத்தது என்றே நினைத்தேன்.

“சார், காக்கா தின்னுச்சா?” என்றாள் ஒரு சிறுமி.

“அதுக்குத்தானே லா பூன அந்தப் பக்கம் பாக்குது,” என்றான் பக்கத்திலிருந்தவன்.

பூனை மீனைப் பார்க்காவிட்டால் காகம் முழுவதையும் தூக்கிவிடாதா என்று மூன்றாவது ஆள் கிளம்ப, மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. ஒரு கால் சப்பாத்தோடு டீச்சரும் கலந்துகொண்டார். கார்ட்டூன் பேச்சே எழவில்லை.

பாயிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “நல்லது. அப்ப அடுத்த கதைய...” என்று உள்ளே போனார்.

இந்தக் கட்டுரைக்கும் கடைசியில் ஒரு பத்தி எழுதியிருந்தேன், பாய் எப்பேர்ப்பட்ட மனிதர் என்று. அதன் மேல் இப்போது ஒரு சாசர் இருக்கிறது. ஊர் மாறும்போது அவரிடம் சொல்லாமல் எடுத்து வந்தது.