மேகத் திரையும் என் பேரும்

அன்பு அண்ணன் மகனுக்கு, உன் அத்தை மனசார ஆசீர்வதித்து எழுதுவது. நானும் மாமாவும் இங்கே நலம். மாமாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, எனக்கு மாமாவைத் தவிர வேறு குறையில்லை. நீயும் மருமகளும் குழந்தையும் அங்கே ஆண்டவன் அருளால் சுகமாயிருக்க வேண்டுமென்று விளக்கேத்தும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. நீ ராவும் பகலுமா உட்காந்து எழுதின அறிக்கையை உன் பக்கத்து மேசைக்காரர் தன் பேரைப் போட்டு மேலதிகாரிகிட்ட நீட்டிட்டார், இப்ப சண்டை போடுறதா சும்மா இருக்கிறதான்னு கேட்டிருந்த. ராசா, இதுக்கு உன் அப்பாகிட்ட கேட்டா ரெண்டாவதைச் சொல்லுவார், மாமாகிட்ட கேட்டா மொதலாவதைச் சொல்லுவார். ரெண்டு பேரும் வேண்டாம். இதே மாதிரி ஒண்ணு எனக்கே போன வாரம் நடந்துச்சு. அதைச் சொல்றேன், கேட்டுக்கோ.

இங்க ஆஸ்பத்திரியில குழந்தைங்க வார்டு இருக்கே, அங்க மேற்கு ஜன்னல்ல மத்தியான வெயில் அப்படியே கண்ணுல குத்தும். ஒரு திரை தைச்சுத் தர முடியுமான்னு நர்ஸம்மா கேட்டாங்க. சரின்னு சொல்லிட்டு வந்து சாப்பிட்டுப் படுத்தேனா, கனவுல மேகமெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா, சாயங்காலம் மாடு வீட்டுக்கு வர்ற மாதிரி, அவசரமே இல்லாம அசைஞ்சு அசைஞ்சு போகுது. ஒரு மேகம் நின்னு என்னைத் திரும்பிப் பாத்துச்சு. எழுந்து, கிழிச்ச காலண்டர் தாளுக்குப் பின்னால அதை அப்படியே வரைஞ்சேன். பதினோரு வாரம் தைச்சேன். தைச்சு மாட்டின அன்னைக்கு நீ பாத்திருக்கணும். காத்து வர்றப்ப மேகம் நகரும், வெயில் அதுக்குள்ள புகுந்து பால் மாதிரி தரையில விழும். அழுதுக்கிட்டிருந்த குழந்தை ஒண்ணு அதையே பாத்துக்கிட்டு அப்படியே தூங்கிருச்சு. நானும் நாற்காலியில உட்காந்து தூங்கிட்டேன். நர்ஸம்மா ரெண்டு பேருக்கும் போர்வை போத்தினாங்க.

எங்க தையல் குழுவுல ஒருத்தி இருக்கா. பேச்செல்லாம் மினுமினுன்னு இருக்கிறதால நாங்க அவளை ஜரிகைன்னுதான் கூப்பிடுவோம். அவ வந்து, "அக்கா, என் போன்ல படம் நல்லா விழும், ஒரு நாலு எடுத்துக்கட்டுமா?"ன்னா. எடுத்துக்கோம்மான்னேன். திரைக்குப் பக்கத்துல கூட நின்னு எடுத்துக்கிட்டா. நானே அவ புடவை மடிப்பைச் சரி பண்ணி விட்டேன் பாரு, என் புத்தியை என்ன சொல்ல.

போன வாரம் திங்கட்கிழமை காலையில பூப் பறிச்சுக்கிட்டு நிக்கிறேன், போன் அடிக்குது. சமூகக் கூடத்துல வகுப்பெல்லாம் நடத்துற பொறுப்பாளர் அம்மா. "உங்க தோழி தையல் ஆசிரியை வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்காங்க. அவங்களைப் பத்தி விசாரிக்க உங்க பேரைக் கொடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரி மேகத் திரை அவங்க கைவேலையாமே, நீங்க ஊசியில நூல் கோத்துக் கொடுத்து ஒத்தாசை பண்ணீங்களாம், அப்படித்தானேம்மா?"ங்கிறாங்க.

நூல் கோத்துக் கொடுத்தேனாம்! எனக்குக் கண்ணாடி போட்டாலே ஊசிக்காது தெரியாது, மாமாதான் கோத்துத் தருவார். அப்ப அவரில்ல ஒத்தாசை!

இதுல ஒண்ணு உனக்குச் சொல்லணும். அந்த வேலைக்கு நானே போடலாம்னு ஆறு மாசமா மனசுக்குள்ள ஆசை. யார்கிட்டயும் சொல்லல. எட்டாவதோட நின்னவ, ஆனா பத்துப் பொண்ணுங்க சுத்தி உட்காந்து என்னை டீச்சர்னு கூப்பிடுற மாதிரி எத்தனை மத்தியானம் கனவு கண்டிருப்பேன். வெள்ளிக்கிழமை மூணு மணிதான் கடைசி. என்கிட்ட காட்ட இருக்கிறது அந்த ஒரு திரை. அது ஏற்கெனவே அவ பேர்ல மேசை மேல கிடக்கு. இனிமே நான் கொண்டுபோனா, திருடினவ நான்தான்னு ஆயிடும்!

வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிக்கிட்டேன். "அம்மா, வியாழக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்றேன், இப்ப நான் எதுக்கும் ஆமான்னு சொல்லல"ன்னு மட்டும் சொல்லி வைச்சுட்டேன். அதான் மொதல் காரியம், ராசா. சூட்டுல ஆமாவும் வேண்டாம், இல்லையும் வேண்டாம்.

மாமா குதிச்சார். "இப்பவே போயி அவ வீட்டு வாசல்ல நின்னு நாலு பேர் கேக்கக் கத்திட்டு வர்றேன்!"

"முழங்காலோட அவ்வளவு தூரம் எப்படிப் போவீங்க?"

"ஆட்டோல போயிக் கத்துவேன்."

நான் சாமி முன்னால உட்காந்து கண்ணை மூடினேன். சாமி ஒண்ணும் சொல்லல. தூக்கம்தான் வந்துச்சு. அந்த மேகமெல்லாம் திரும்பவும் வந்துச்சு. ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு சீட்டு, எல்லாத்துலயும் அவ பேரு. கோவமே வரல, எங்கேயோ மெத்து மெத்துன்னு மெதக்கிற மாதிரி இருந்துச்சு. முழிச்சப்ப மனசு கழுவி விட்ட மாதிரி இருந்தது. கத்துறதுக்கு முன்னால கையில என்ன இருக்குன்னு பாருடின்னு எனக்கே தோணுச்சு.

தேடினேன். மேகம் மேகமா வரைஞ்சு பாத்த காலண்டர் தாள் பதினாலு கிடைச்சுது, எல்லாத்துலயும் தேதி. மாமா பாத்துட்டு, "இது தாள் கிழிச்ச தேதி, நீ வரைஞ்ச தேதி இல்லையே, நேத்துக்கூட வரைஞ்சிருக்கலாம்னு சொல்லுவாங்க"ன்னார். கண்டக்டரா இருந்தவர் இல்லையா, செல்லாத சீட்டை உடனே கண்டுபிடிச்சுருவார். ஆனா பாதி தைச்சப்ப உன் அம்மாவுக்கு வாரா வாரம் படம் அனுப்பியிருக்கேனே, அதுல நாளும் மணியும் தானா விழுந்திருக்கு. நர்ஸம்மா என் பேர் போட்டு எழுதின நன்றிச் சீட்டு. எல்லாத்துக்கும் மேல, ஜரிகையே அன்னைக்கு எனக்கு அனுப்பினது: "அக்கா உங்க திரை தேவலோகம் மாதிரி இருக்கு, நான் எடுத்த படம் பாருங்க." உங்க திரை! அவ வாயாலயே. அவ அதை அழிச்சாலும் இருக்கட்டும்னு, போன் திரையையே மாமா படம் பிடிச்சு வைச்சுக்கிட்டார்.

அப்புறம் அவ வீட்டுக்குத் தனியா போனேன். கூட்டத்துல கேட்டா மனுஷங்க பொய்யைக் கெட்டியாப் பிடிச்சுக்குவாங்க. மாமாவை வீட்லயே பூட்டிட்டுப் போனேன்.

"அக்கா! வாங்க வாங்க, இப்பதான் உங்களைப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டிருந்தேன்."

"கேள்விப்பட்டேன். நூல் கோக்கிறவன்னு."

முகம் ஒரு நொடி வாடிச்சு. "அது... நம்ம குழு வேலைதானேக்கா. யார் பேர்ல போனா என்ன? உங்களுக்கு இந்தப் பேரு புகழெல்லாம் வேண்டியதில்லையே, பக்தியான ஆளு நீங்க."

"பக்தி எனக்கும் சாமிக்கும் நடுவுல இருக்கிறதும்மா. தையல் எனக்கும் துணிக்கும் நடுவுல. படம் எடுக்கத்தான் சரின்னேன், பேர் மாத்தச் சரின்னு சொல்லல. மூணு காரியம் செய். விண்ணப்பத்துல இருந்து அந்தப் படத்தை எடுத்துடு, இல்லேன்னா தைச்சது யாருன்னு எழுது. என்னை விசாரிக்கச் சொல்லிக் கொடுத்த பேரை எடுத்துடு. ரெண்டையும் புதன் சாயங்காலத்துக்குள்ள நீயே அந்தம்மாகிட்ட சொல்லிடு. நீ சொன்னா நான் ஒரு வார்த்தை கூடச் சேக்க மாட்டேன். சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லுவேன்."

"சரிக்கா, சரிக்கா"ன்னு தேன் மாதிரி தலையாட்டினா. பேசினது காத்தோட போயிரும், எழுத்துல இருக்கட்டும்னு வீட்டுக்கு வந்து போன்ல அதையே எழுதினேன். முதல்ல எழுதினது மூணு பக்கம், அதுல நரகம் ரெண்டு இடத்துல வந்துச்சு. மாமா வெட்டி வெட்டி நாலு வரி ஆக்கினார்: என்ன நடந்துச்சு, என்ன செய்யணும், எப்பக்குள்ள, அன்புடன் அக்கா. அவ்வளவுதான். பதிலுக்குக் கும்பிடுற கை ஆறும் ரோஜாப்பூ மூணும் வந்துச்சு. வார்த்தை ஒண்ணும் வரல. புதன் சாயங்காலம் போச்சு. ரோஜாப்பூ இன்னும் ரெண்டு வந்துச்சு.

வியாழக்கிழமை பையைத் தூக்கிக்கிட்டு சமூகக் கூடத்துக்குப் போனேன். அவ திருடி, பொய்க்காரின்னு ஒரு வார்த்தை சொல்லலப்பா. அது என் நாக்கு நுனியில டான்ஸ் ஆடுச்சு, ஆனா சொல்லல. "அம்மா, இந்தத் திரை நான் தைச்சது. இது வரைஞ்ச தாள், இது பாதியில எடுத்த படம், இது நர்ஸம்மா சீட்டு, இது அவ அனுப்பினது. என்னைக் கேக்காம என் பேரைப் போட்டிருக்கு, அதனால அவளுக்காக நான் எதுவும் சொல்ல முடியாது. அவ நல்லாத் தைப்பாளான்னு கேட்டா, பித்தான் காஜா அவளை மாதிரி யாரும் போட முடியாது, அதைச் சந்தோஷமாச் சொல்றேன். மத்தது நீங்க முடிவு பண்ணுங்க"ன்னேன்.

அந்தம்மா எல்லாத்தையும் பாத்துட்டு, ஒரு துணியும் ஊசியும் எடுத்துக் கொடுத்து, "மேகத்தோட விளிம்புல இருக்கிற மாதிரி ஒரு வரி காம்புத் தையல் போடுங்க"ன்னாங்க. நூலும் அவங்களே கோத்துட்டாங்க, நல்ல மனசு. நான் இடது கைக்காரி இல்லையா, வலமிருந்து இடமாப் போட்டேன், நூல் முறுக்கு மத்தவங்க தையலுக்கு எதிர்ப்பக்கமாச் சாயும். அவங்க படத்தைக் கண்ணுகிட்ட வைச்சு மேகத்தோட விளிம்பைப் பாத்தாங்க. எல்லா மேகமும் என் பக்கமே சாஞ்சிருந்துச்சு. எனக்கே அப்பதான் தெரியும். அந்த அறையில காத்தாடி மெதுவாச் சுத்துது, நான் நாற்காலியோட ஒரு அடி மேல எழும்பின மாதிரி இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே ஜரிகை வந்தா. கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க, விண்ணப்பத்தைத் தானே திரும்ப வாங்கிக்கிட்டா. மினுமினுப்பே இல்ல. "அக்கா, நான் பொய் சொல்லணும்னு ஆரம்பிக்கல. தினமும் போயி அந்தத் திரைக்குக் கீழ உட்காருவேன். அப்படியே தூக்கம் வரும். கனவுல நானே தைக்கிற மாதிரி இருக்கும். சொல்லச் சொல்ல எனக்கே நான்தான் தைச்சேன்னு ஆயிடுச்சுக்கா"ன்னு அழுதா. என்னத்தச் சொல்ல? நானும் அதுக்குக் கீழ உட்காந்து தூங்கினவதானே. காபி கொடுத்தேன். ஆனா இப்ப புதுசாத் தைச்சுக்கிட்டிருக்கிற துணியை அலமாரியில வைச்சுப் பூட்டிட்டுத்தான் கொடுத்தேன். மன்னிக்கிறது வேற, சாவி கொடுக்கிறது வேற. குழுவுல எல்லார்கிட்டயும் அவளே சொல்லட்டும்னு சொன்னேன், சொல்லிட்டா.

அதனால கண்ணு, நீயும் அதே மாதிரி பண்ணு. பழைய பிரதியெல்லாம் தேதியோட எடுத்து வை, அந்தாளைத் தனியாக் கூப்பிட்டுக் கேளு, என்ன திருத்தணும்னு எழுதிக் கொடு, நாள் வை. அசையலேன்னா மேலதிகாரிகிட்ட நடந்ததை மட்டும் சொல்லு, வையாதே. ஒருத்தரைக் கேக்காம அவர் பேரையோ உழைப்பையோ தொடுறது பாவம், அதைப் பாத்துக்கிட்டு ஊமையா இருக்கிறதும் பாவம்.

மருமகளுக்கு என் அன்பு, குழந்தைக்கு ரெண்டு கன்னத்துலயும் முத்தம். ஆண்டவன் உங்களைத் தன் நிழல்ல வைச்சுக் காப்பாத்தட்டும்.

இப்படிக்கு
உன் அத்தை

பின்குறிப்பு: சொல்ல மறந்துட்டேன். வெள்ளிக்கிழமை ரெண்டே முக்காலுக்கு என் விண்ணப்பத்தைக் கொடுத்துட்டேன். என்னைப் பத்தி விசாரிக்கப் படிச்ச ஆள் ஒருத்தர் வேணுமாம், சொந்தக்காரங்க கூடாதாம். உன் பேரைப் போட்டு, பக்கத்துல குடும்ப நண்பர்னு எழுதிட்டேன். பத்து வருஷமா நான் சொல்லித் தர்றதை நீ பாத்திருக்கன்னும் எழுதியிருக்கு. அந்தம்மா எப்ப வேணா போன் பண்ணுவாங்க, என்னை அத்தைன்னு மட்டும் சொல்லிடாதே. அப்புறம், "நான் ஏன் தகுதியானவள்"னு அரைப் பக்கம் எழுதச் சொல்லியிருந்தாங்க. எனக்கு அப்படியெல்லாம் வராதே, அதனால நீ உன் கடிதத்துல உன் அறிக்கையைப் பத்தி எழுதியிருந்தியே, அந்தப் பத்தியை அப்படியே எடுத்துப் போட்டு, அறிக்கைன்னு இருந்த இடத்துல திரைன்னு மாத்திட்டேன். அவ்வளவு அழகா வந்திருக்கு, படிச்சுட்டு எனக்கே கண்ணு கலங்கிருச்சு.