‘போய் வருகிறோம்’ என்று எழுதிய குற்றத்துக்கு

தாராவி, பம்பாய்
14-2-1964

தொற்றுநோய் வார்டு சிஸ்டர் ஞானசெல்வம் அம்மாள் அவர்கள் சமூகத்துக்கு, ஒன்பதாம் நம்பர் கட்டில் கோமதியின் தகப்பன் நம்பிராஜன் கைகூப்பி எழுதிக்கொண்டது. தாங்களும் டாக்டர்மாரும் மற்ற நர்ஸ் அம்மாக்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் என் மனைவி பேராச்சியும் சுகம். ஐம்பத்தோரு நாளில் இன்றைக்குத்தான் அந்த வார்த்தையை எழுதக் கை வருகிறது.

நாளைக் காலை குழந்தையை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டீர்கள். ஆகவே நன்றி. இது என் இரண்டாவது நன்றிக் கடிதம். முதலாவதைச் செல்லாது என்று தள்ளிவிட வேண்டும்.

அந்த முதல் கடிதத்தை நான் ஏன் அவசரப்பட்டு எழுதினேன் என்று தாங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் ஒர்க்‌ஷாப்பில் டைம்கீப்பர். எதையும் முன்கூட்டியே முடித்து வைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். டிப்தீரியா பிள்ளையின் தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டுத் துடைத்து, லாபரட்டரிக்கு அனுப்பி, மூன்று தடவை அடுத்தடுத்துக் கிருமி இல்லை என்று வந்தால்தான் வீடு என்று தாங்கள் சொன்னீர்கள். இரண்டு வந்துவிட்டது. இரண்டு வந்த பிறகு மூன்றாவது வராமல் எங்கே போகும் என்று நினைத்தேன். எங்கள் மானேஜர் ஓய்வு பெற்றபோது வாசித்த உபசாரப் பத்திரத்தைப் பார்த்து, தங்கள் அரும்பணி, அருங்குணம், அருங்கருணை என்று மூன்று அருமைகளைப் போட்டு, தலைமை டாக்டரிலிருந்து ஆயா நூர் நிஷா வரைக்கும் பெயர்களை வரிசைப்படுத்தி, கடைசியில் வழக்கப்படி ‘அனைவருக்கும் எங்கள் நன்றி. போய் வருகிறோம்’ என்று முடித்து, சனிக்கிழமை பார்வை நேரத்தில் நூர் நிஷா கையில் கொடுத்தேன். தாங்களும் பெருந்தன்மையாக அதைப் போர்டில் குத்தி வைத்தீர்கள்.

திங்கட்கிழமை மூன்றாவது ரிப்போர்ட் வந்தது. கிருமி இருக்கிறது. வந்த இரண்டும் கணக்கில் இல்லை, மறுபடி ஒன்றிலிருந்து.

பேராச்சி வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டாள். “ஆசுபத்திரியில போயி எவனாவது வாரோம்னு சொல்லுவானா? உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?”

“நம்ம ஊர்ல போறேன்னு சொன்னா எழவு வார்த்தைல்லா! பின்ன எப்படிட்டீ எழுத?” என்றேன்.

“ஒண்ணும் எழுதாம இருந்திருக்கலாம்லா?”

நூர் நிஷாவோ என்னைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். யாரோ அவளுக்கு அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். “அரே பாபா, காய்கோ லிகா ஃபிர் ஆயேகா?” மறுபடி வருவேன் என்று எதற்கு எழுதினாய் என்று கேட்டாள். இரண்டு மொழியிலும் குற்றவாளி நான்தான்.

அந்தக் காகிதத்தைத் திரும்பக் கேட்கத் தங்களிடம் வந்தது நினைவிருக்கும். “உள்ள வந்த காயிதம் வெளிய போவாது நம்பிராஜன். பொம்ம, புஸ்தகம், உம்ம கடுதாசி எல்லாம் ஒண்ணுதான். எரிக்கத்தான் செய்யணும்” என்றீர்கள். நன்றிக் கடிதத்தை எரிப்பது அதைவிட அபசகுனமாகப் பட்டதால், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிடும்படி கெஞ்சினேன். தாங்களும் வேலை மத்தியில், என் தொந்தரவு பொறுக்காமல், பேனாவை எடுத்து ‘வருகிறோம்’ என்பதை அடித்தீர்கள். அடித்த வேகத்தில் மை தெறித்து, முன்னால் இருந்த ‘போய்’ மேலே விழுந்து, கொம்பின் சுழி மறைந்துபோனது. பதினோராம் கட்டில் பையனின் அப்பா திருவேங்கடம் வராந்தாக் கண்ணாடி வழியாகப் போர்டை வாசித்தார். உரக்கத்தான் வாசித்தார். “அனைவருக்கும் எங்கள் நன்றி. பொய்.” பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “என்ன சார், மனசுல இருக்கறத இப்படியா பட்டுனு எழுதறது?” என்று கேட்டார்.

அவர் சிரித்தார், நர்ஸ்கள் சிரித்தார்கள், தாங்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை சிஸ்டர். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தை என்னைப் பிடுங்கியது. உண்மையிலேயே நான் எழுதியது பொய்தான். அரும்பணி என்றால் என்ன பணி? எதற்கு நன்றி என்று ஒரு வரியாவது அதில் இருந்ததா? மானேஜருக்குப் போட்ட மாலையை அப்படியே எடுத்துத் தங்கள் கழுத்தில் போட்டிருந்தேன்.

ஆகையால் இப்போது விவரமாக எழுதுகிறேன். வந்த முதல் நாள் கோமதியின் கழுத்து வீங்கி, தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஆடை படர்ந்து, மூச்சு இழுக்கும்போது விலா எலும்பு உள்ளே போயிற்று. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற ஊசி மருந்தை ஒரு சொட்டு போட்டுப் பார்த்து, ஒத்துக்கொள்கிறதா என்று காத்திருந்தீர்கள். அந்த அரைமணி நேரத்தில் நான் தங்களை மனத்துக்குள் திட்டினேன். பிறகு சின்ன டாக்டர் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார். ஆறு வயதுப் பிள்ளை வாய் திறந்து அழுகிறாள், சத்தம் வரவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பேராச்சி அவளுக்கும் சேர்த்து அழுதாள்.

நாலாம் நாள் மத்தியானம் குழாய் அடைத்துக்கொண்டது. கோமதியின் உதடு நீலமாவதைத் தாங்கள்தான் முதலில் பார்த்தீர்கள். ஓடி வந்து உள்குழாயை உருவி, ரப்பர்க் குழாயை விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்து, வேறு உள்குழாயை மாட்டினீர்கள். கடிகாரம் பார்க்கிறது என் தொழில். நாற்பது செகண்டு. அந்த நாற்பது செகண்டுக்கு நன்றி. பிறகு இருதயம் கெட்டுவிடக் கூடாதென்று எழுந்து உட்கார விடாமல், மல்லாக்கப் படுக்க வைத்தே கஞ்சி ஊட்டினீர்கள். குடித்த பால் மூக்கு வழியே வந்தபோது முகம் சுளிக்காமல் துடைத்தீர்கள். அதற்கும் நன்றி. குழாயைக் கார்க்கால் அடைத்து அடைத்துப் பழக்கி, கடைசியில் எடுத்த அன்று அவள் முதலில் கூப்பிட்டது என்னை இல்லை, நூர் நிஷாவை. அதில் எனக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் நூர் நிஷாவுக்கும் நன்றி.

இந்தத் தடவை மூன்றும் சுத்தமாக வந்துவிட்டது. ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் நான் வாயையே திறக்கவில்லை என்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். நாளைக்குப் புறப்படும்போதும் ஒன்றும் சொல்ல மாட்டோம். கும்பிட்டுவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவோம், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கள் கை தொட்ட பிள்ளைகள் எல்லாம் தங்களை மறந்துபோகிற அளவுக்குச் சௌக்கியமாக இருக்க வேண்டும். பெரிய டாக்டருக்கும் சின்ன டாக்டருக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் உபகாரத்தை மறவாத,
நம்பிராஜன்

பின்குறிப்பு: இதை உறையில் போடும் முன், ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சின்ன டாக்டர் வராந்தாவில் கூப்பிட்டார். முந்தாநாள் எங்கள் இரண்டு பேர் தொண்டையிலும் பஞ்சு விட்டு எடுத்தார்கள் அல்லவா? பேராச்சிக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இருக்கிறதாம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சும்மா குடியிருக்கிறதாம். பிள்ளைக்கு என்னிடமிருந்துகூட வந்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். நான் வீட்டில் இருந்தால் அவளை அனுப்ப முடியாது; ஆகவே அவள் வெளியே வருகிற நேரத்துக்கு நான் பெரியவர்கள் வார்டில் சேர வேண்டும். தாராளமாகச் சேருகிறேன். பேராச்சிக்கு இன்னும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தாங்கள் பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன். மேலே நன்றி என்று எழுதியிருக்கிற இடங்களில் எல்லாம், தயவுசெய்து, மன்னிப்பு என்று வாசித்துக்கொள்ளுங்கள்.