என்னை நானே துரத்திய அறிவிப்பு

எண்ணெயில் கடுகு விழுந்து ‘ஸ்ஸ்’ என்றால் மற்றவர்களுக்குப் பசிக்கும். எனக்கு வெடித்திரி எரிகிற ஞாபகம் வரும்.

கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டுக்கு ஒரு சர்வர் நடத்துகிறேன். (நாற்பத்தெட்டு வயதில் இதுவா என்கிறாள் மனைவி. அவளும் ஆடுகிறாள்.) பக்கத்து ஊரான செண்டாயானில் தொழிற்சாலை வேலை பார்க்கும் செல்வி, தன் அப்பா பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தை மூன்று மாதமாக அதில் எழுப்பினாள். மரத்துக்கு மரம் இடைவெளிகூட அப்பாவிடம் கேட்டு வைத்தது. ஒரு சனிக்கிழமை மதியம் அங்கே பெரும் பள்ளம்தான் இருந்தது.

"அண்ணே, நான் வெலகிக்கிறேன்" என்று எழுதினாள்.

யார் எந்தக் கட்டையை எப்போது உடைத்தார், எந்த வெடியைக் கொளுத்தினார் என்று சர்வரில் பதிவு இருக்கும். பார்த்தேன். சுரேஷ்! என் மனைவியின் தம்பி. ரெம்பாவ் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் மண்டோர்: விடியலில் பெரட்டு வைத்து, ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் கங்காணி. மம்பாவில் எனக்குப் பக்கத்து வீடு.

எனக்குள் ஒரு பழைய தோட்டத்துத் துரை விழித்துக்கொண்டார். ‘இதனால் சகலருக்கும்’ என்று தொடங்கி பதினெட்டு விதிகள் எழுதி ஒட்டினேன். சுரேஷ் வேறு பெயரில் நுழையக்கூடாதே என்று, அவன் கணக்கை விட்டு அவன் இணைய முகவரியையே தடை செய்தேன்.

அடுத்த நொடி என் திரையில்: ‘நீங்கள் தடை செய்யப்பட்டுள்ளீர்கள்.’

இரண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபை. பாதிச் சந்தா அவனுடையது.

அடுப்படியிலிருந்து மனைவி கத்தினாள்: "என்னங்க, என்னையும் வெளிய தள்ளிருச்சு!" வேலிக்கு மேல் சுரேஷின் தலை எழுந்தது. "மச்சான், லைன் போச்சா?"

"ஏன்டா செல்வி தோட்டத்துக்கு வெடி வெச்ச?"

"வெடி வெச்சேனா? கெழட்டு ரப்பர் லா மச்சான். சாய்ச்சாத்தானே செம்பனை நட முடியும்? எங்க எஸ்டேட்ல அப்படித்தான்."

ஆட்டக்காரர்களின் கைபேசிக் குழுவில் செல்வியின் குரல்பதிவு வந்தது. "அண்ணே, சட்டம் போட்டவரையே காணோமே!" அழுகைக்கு நடுவே சிரிப்பும் கேட்டது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான் கரையேறினேன்.

சர்வரின் கட்டுப்பாட்டுத் திரை வழியாக முகவரித் தடையை நீக்கினேன். சுரேஷ் கொளுத்திய வெடிகளை மட்டும் தேர்ந்து, பதிவைப் பின்னோக்கி ஓட்டினேன். ஒவ்வொரு மரமாக எழுந்து நின்றது, மழைக்குப் பிறகு ஊர் எழுவது போல. பிறகு புது அறிவிப்பு, வெறும் ஐந்து விதி: அவரவர் நிலத்துக்கு எல்லை போட்டுக்கொள்ளுங்கள், நல்ல எண்ணத்தில்கூடப் பிறர் நிலத்தில் கேட்காமல் கை வைக்கக்கூடாது, வெடி எல்லோருக்கும் நிறுத்தம், தண்டனைக்கு முன் அவர் பேச்சைக் கேட்போம், தடை கணக்குக்கு மட்டும், வீட்டுக்கு இல்லை. ‘இவை சர்வர்காரருக்கும் பொருந்தும்’ என்று ஆறாவதைச் செல்வி சேர்த்தாள்.

சுரேஷுக்கு ஏழு நாள் தடை. இன்றும் எங்கள் வீட்டில் மின்சாரம் போனால் முதல் கேள்வி: "யாரைத் தடை பண்ணீங்க?"

எட்டாம் நாள் சுரேஷ் உள்ளே வந்து செல்வியிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள்.

"ஆத்துக்கு அந்தாண்ட காலி நெலம் கெடக்கு, அதுல செம்பனை நட்டுக்க. ஆனா நாளைக்குக் காலைல என் தோட்டத்துப் பெரட்டுக்கு வந்துரணும், மண்டோரே. பேரு நான்தான் கூப்பிடுவேன்."