தசரதன் அனுப்பிய பதில்

கிரிவலப் பாதையின் வரலாற்றில் மிக முக்கியமான அறிவிப்பு ஒன்றைப் பௌர்ணமியன்று மதியம் இரண்டு மணிக்குத் தசரதன் வெளியிட்டார். வெளியான இடம், பக்தர்களுக்கு உதவும் ஓர் அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குரூப்.

"அடி அண்ணாமலை உதவி மையத்தில் நான் உட்படப் பணியாற்றுவோர் அனைவரும் இன்று மாலை நாலு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னிப்பு இல்லை."

அவர் இன்னும் மையத்தின் பொறுப்பாளர் ஆகவில்லை. யாரைப் போடுவது என்று செயலாளர் ஆதிலட்சுமி இன்றுதான் முடிவெடுக்கப் போகிறார். அவரும் அந்தக் குரூப்பில் இருந்தார்.

ஒரே நிமிடத்தில் சக ஊழியர் கலையரசன் எழுதினார்: "நேரத்துக்கு வர்றதுல நம்ம தசரதன் சார மிஞ்ச ஆளே கெடையாது 🙏"

ஏழு பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள்.

வேங்கிக்கால் அலுவலகத்தில் தசரதனின் காது சிவந்தது. கலையரசனின் பத்து வருடக் குறைகளைத் தட்டி அனுப்பினார். அனுப்பியதும் பயந்துபோய் அழித்தார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் நடுக்கல் மாதிரி நின்றது.

"என்ன சார் அழிச்சீங்க?" என்று நாலு பேர் கேட்டார்கள்.

பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார்.

"சார் கோவமா கீறாரு போல" என்றார் கலையரசன்.

குரூப்பை விட்டே வெளியேறப் போன தசரதனை அடுத்த மேஜை ஆர்த்தி தடுத்தார்.

"இப்ப வெளிய போனா மூஞ்சத் தூக்கிக்கினு போய்ட்டாருன்னு பேசுவாங்க சார்."

"பின்ன? அவன் பேசுவான், நான் கேட்டுக்கினு கெடக்கணுமா?"

"அவர் சொன்னதுல நெஜம் எவ்ளோ?"

தசரதன் ஜன்னலைப் பார்த்தார். "போன மாசம் அரை மணி லேட்டு. அதுக்கு..."

"அத மட்டும் ஒத்துக்குங்க. இன்னிக்கு என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க. அதோட நிறுத்திடுங்க. 'ஆனா'ன்னு ஆரமிக்காதீங்க."

முதல் வரைவில் மூன்று 'ஆனா' இருந்தன. இரண்டாவதில் 'சிலரைப் போல் அல்லாமல்' என்று ஒரு தொடர். மூன்றாவது 'தாழ்மையுடன்' என்று தொடங்கியது.

"இது அழுதுக்கினே வணக்கம் சொல்ற மாதிரி கீது சார்."

ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் பிடுங்கி, ஒன்பதாவது வரைவு தேறியது.

"உண்மைதான் கலையரசன், போன மாசம் அரை மணி லேட் 😄 இன்னிக்கு சரியா நாலு மணிக்கு மையத்துல இருப்பேன். டீ நான் வாங்கித் தர்றேன்."

கோபம் இல்லை, குத்தல் இல்லை, புலம்பல் இல்லை. அனுப்பினார். இரண்டு டிக்கும் நீலமாயின. ஆதிலட்சுமியும் பார்த்துவிட்டார். யாரும் ஒன்றும் எழுதவில்லை.

"வாயடச்சுப் போச்சு பாத்தியாம்மா?" என்று தசரதன் நாற்காலியில் சாய்ந்தார். பொறுப்பாளருக்கான களை முகத்தில் வந்துவிட்டது.

துடைப்பத்தோடு வந்து நின்றார் பெருக்கும் ராணியம்மாள்.

"கால கொஞ்சம் தூக்கு சார். மணி அஞ்சே கால் ஆவுது, நான் பெருக்கிட்டுப் பூட்டணும்."