நாற்பது கிராம் வளையல்

“நாப்பது கிராம் நாலு மில்லி. எழுதிக் கையெழுத்துப் போடுங்க பத்தரே” என்றார் தர்மராஜ்.

செங்கல்பட்டில் நகை வேலை செய்யும் வரதன், தராசுத் தட்டில் கிடந்த இரண்டு வளையல்களையும் பார்த்தார், எதிரே உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தார். எழுதிக் கொடுத்தார்.

தர்மராஜ் ஓர் அரசு அலுவலகத்தின் தணிக்கைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்கியவர். சம்பளம் நின்ற பிறகும் அந்த வேலையை இலவசமாகச் செய்துகொண்டிருந்தார். பால்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், கோயில் குருக்கள் என்று எல்லோரும் அவருடைய தணிக்கைக்கு உட்பட்டவர்கள். தான் மட்டும் பரீட்சை எழுதி, யாருக்கும் ஒரு டீகூட வாங்கித் தராமல் வேலைக்கு வந்தவன் என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார்.

மகள் விஷாகாவுக்கு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். “எங்கம்மா வளையல் அஞ்சு சவரன் இருக்கு. அதை உருக்கிப் புது வளையலா போட்டுடறேன்” என்று சம்பந்தி பன்னீர்செல்வத்திடம் நாலு பேர் நடுவில் சொல்லியிருந்தார். வாய்விட்ட சொல் ஐந்து சவரன். அது ஐந்தாகவே போய்ச் சேர வேண்டும்.

அம்மா சின்னப்பொண்ணுவுக்கு எண்பத்திரண்டு வயது. சோப்புத் தண்ணீர் தடவி வளையலைக் கழற்றியபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“நீ போவாதடா. மருமவ போவட்டும்.”

“அவளுக்கு இன்னா தெரியும்? கண் முன்னாடியே கிள்ளி எடுத்துடுவானுங்க.”

“எட்த்துட்டுப் போறான்” என்று கிழவி திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வரதன் ஒரு வளையலை நகத்தால் சுண்டினார். கெட்டித் தங்கத்தின் கணீர் ஒலி வரவில்லை. மரத்தைத் தட்டின மாதிரி ‘டொக்’ என்றது.

“சார், இது உருக்க வேணாம். உள்ள அரக்கு கீது. மேலதான் தகடு. அப்படியே மெருகு போட்டுக் குடுத்துடறேன். பாப்பா கைக்கு நல்லா இருக்கும்.”

“அரக்கா? எங்கம்மா கல்யாணத்துக்கு எங்க தாத்தா போட்டது ஐயா, கெட்டி வளையல்! மெருகு போடறேன்னு உள்ள எடுத்துனு போயி மாத்தலாம்னு பாக்கறியா? என் எதிர்லயே வெட்டு.”

வரதன் வெட்டினார். ஊதுகுழலின் தீ பட்டதும் உள்ளேயிருந்து செம்பழுப்பாக அரக்கு நுரைத்து ஒழுகியது. பட்டறை முழுக்கத் தீய்ந்த நாற்றம். ஒழுகியதெல்லாம் போய், சுத்தம் செய்து தராசில் வைத்தபோது இருபத்தொன்பதே முக்கால்.

“பத்து கிராம் எங்க?”

“அதோ, கீழ கிடக்கு பாருங்க. வாணும்னா பொட்டலம் கட்டித் தரேன்.”

தர்மராஜ் பொட்டலமே கட்டி வாங்கிக்கொண்டார். சாட்சியம்.

“இதோட நிறுத்திக்கலாம் சார்” என்றார் வரதன். “தகடு நல்ல தங்கம். வெட்டின எடத்தைப் பத்த வெச்சு ஒட்டி வளையலாவே திருப்பிடலாம்.”

“உருக்கு. முழுசா உருக்கு. நான் பாக்கணும்.”

தகடுகளை மடித்து, உருக்கும் மண் கிண்ணமான மூசையில் போட்டு, வெண்காரத்தைத் தூவி, தீயை ஏற்றினார் வரதன். தங்கம் முதலில் சுருங்கியது, பிறகு வியர்த்தது, பிறகு ஒரு முட்டைக் கருவைப் போலத் திரண்டு மூசையின் அடியில் சுழன்றது. அழுக்கெல்லாம் வெண்காரத்தோடு சேர்ந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. எண்ணெய் தடவிய இரும்பு அச்சில் ஊற்றி, ஆறவிட்டுத் தட்டியபோது விழுந்தது சுண்டுவிரல் நீளக் கட்டி. எடை இருபத்தொன்பதே கால்.

“இன்னும் அரை கிராம் போச்சே!”

“அழுக்கு சார். அறுபது வருசமா கைல இருந்தது. சோறு பிசைஞ்ச கை.”

தர்மராஜ் மூசையைக் கவிழ்த்துப் பார்த்தார். தரையை விளக்குமாற்றால் பெருக்கினார். வரதனின் சட்டைப் பையைக்கூட ஒரு பார்வை பார்த்தார். கிடைத்தது ஒரு சட்டைப் பொத்தான், அதுவும் தர்மராஜுடையது.

அத்தோடு போயிருக்கலாம். “தொள்ளாயிரத்துப் பதினாறு முத்திரை இல்லாம நான் வாங்க மாட்டேன். என் சம்பந்தி சோதிச்சுப் பாப்பாரு” என்றார்.

கட்டியை எதிர்க்கடையில் இருந்த தர மெஷினில் வைத்தார்கள். எண்பத்துநாலு சதவீதம் காட்டியது.

“தகடு நல்லதுன்னியே?”

“தகடு நல்லதுதான். அந்தக் காலத்துல ஒட்டறதுக்குப் பத்த வெச்ச பொடில செம்பும் வெள்ளியும் இருக்கும். உருக்கினா எல்லாம் ஒண்ணாக் கலந்துடும். அதனாலதான் உருக்க வேணாம்னேன். இப்ப முத்திரை வாணும்னா கலப்பைப் பிரிச்சு எடுக்கணும். இருபத்தாறே முக்கால் நிக்கும்.”

மூன்றே கால் சவரனுக்குக் கொஞ்சம் மேல். காலையில் ஐந்து சவரனோடு உள்ளே வந்தவர் அவர். வரதன் சொன்னதைக் கேட்டிருந்தால் ஐந்து சவரன் வளையலாகவே திரும்பியிருக்கும், டொக்கென்று ஒலித்துக்கொண்டு, ஒருவருக்கும் தெரியாமல்.

“அப்ப செஞ்சவன்தான் திருடன்” என்று முடிவுக்கு வந்தார் தர்மராஜ்.

வளையல் செய்தவர் மாமல்லபுரத்தில் இருந்தவர், செத்து இருபது வருடம். ஆனால் மகன் உலகநாதன் இருந்தார். பஸ் பிடித்துப் போய், சிலை செதுக்கும் சத்தத்துக்கு நடுவே கத்த வேண்டியதாயிற்று.

“உங்கப்பா எங்கம்மாவை ஏமாத்திட்டாரு! கெட்டி வளையல்னு சொல்லி அரக்கை ஊத்திட்டாரு!”

“எங்கப்பா செஞ்சதுன்னா உள்பக்கம் வேல் முத்திரை இருக்கும். கெட்டின்னா ஒரு வேலு, அரக்குன்னா ரெண்டு வேலு. காட்டுங்க.”

தர்மராஜ் கட்டியை எடுத்து நீட்டினார்.

உலகநாதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முத்திரை எங்க?”

“உருக்கியாச்சு.”

“யாரு உருக்கச் சொன்னது?”

தர்மராஜ் கட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

“போயிட்டு வாங்கண்ணே. அரக்கு வெளிய தெரியாம செஞ்சு குடுன்னு யாராவது கேட்டாத்தான் எங்கப்பா செய்வாரு. யாரு கேட்டாங்கன்னு உங்க வூட்ல விசாரிங்க.”

திரும்பும் பஸ்ஸிலேயே சம்பந்திக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை மூன்றே கால் சவரனைக் காட்டினால் தன்னைத்தான் சந்தேகப்படுவார்கள். அதற்கு முன்னால் திருடனைக் காட்டிவிட வேண்டும். “உடனே வூட்டுக்கு வாங்க. உங்க எதிர்லயே எல்லாம் வெளிவரட்டும். நான் எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியணும்.”

பன்னீர்செல்வம் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். மனைவி ஜோதிலட்சுமி காபி கொடுத்தாள். விஷாகா கதவோரம் நின்றாள். தர்மராஜ் அரக்குப் பொட்டலத்தையும் தங்கக் கட்டியையும் மேஜையில் வைத்து, கட்டிலில் இருந்த அம்மாவை நோக்கிக் கைநீட்டினார்.

“சொல்லும்மா! தாத்தா போட்டது கெட்டி வளையலா இல்லையா?”

“கெட்டிதான்.”

“கேட்டுக்குங்க சம்பந்தி! அப்ப உள்ள இருந்த தங்கத்தை எவன் எடுத்தான்? எங்க போச்சு? யாரு தின்னான்? இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சாவணும்!”

சின்னப்பொண்ணு வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டாள்.

“எவனும் திங்கலடா. உனுக்கு வேலை போட்டுக் குடுத்தானே அந்தாளுக்கு உங்கப்பன் நோண்டிக் குடுத்தது; அதுதான் முப்பத்தொரு வருசம் ஆபீஸ் போயிட்டு வந்து, ரிட்டேராயி, இப்ப என் எதிர்ல நின்னு கத்திக்கினு கீது.”