எண்ணற்ற வாழ்த்து

எண்ணத்துக்கு எட்டாதவனும், பிறப்பே இல்லாததால் பிறந்தநாள் கேட்டு எவரும் தொல்லை செய்ய முடியாதவனுமாகிய பரம்பொருளின் திருவடிகளை வணங்கித் தொடங்குகிறேன்.

கத்தரிக்கோலையும் நாவையும் சமமான கூர்மையில் பேணிவரும் என் அன்புத் தங்கைக்கு, அண்ணன் மனம் நிறைந்த ஆசியுடன் எழுதுவது. இங்கு யாவரும் நலம். அங்கு நீயும், மாப்பிள்ளையும், உன் தையற்கடையில் எந்திரம் மிதிக்கும் பெண்களும் நலமுடன் வாழ இறைவனை இறைஞ்சுகிறேன்.

நாளை உன் பிறந்தநாள். என் மருமகள் வழியாக நீ அனுப்பிய நிபந்தனை வந்து சேர்ந்தது. "அத்தை கண்டிப்பா சொல்லச் சொன்னாங்க மாமா. உங்க வாழ்த்துக் கடிதத்துல எங்கயாவது எண் தட்டுப்பட்டா விருந்துக்கு வரமாட்டாங்களாம்" என்றாள். சென்ற பிறந்தநாளில் நம் சித்தப்பா மகன் கேக்கின் மீது எண் வடிவ மெழுகுவத்திகளை நட்டுவைத்ததும், நீ கைத்துடைப்பானைத் தட்டின்மேல் போட்டுவிட்டு எழுந்து போனதும், உன் இருக்கை காப்பி வரும்வரை என் எதிரே வெறுமையாகக் கிடந்ததும் என் கண்ணை விட்டு அகலவில்லை. அந்த இருக்கை இம்முறையும் வெறுமையாகக் கிடக்க விடமாட்டேன். நீ வருவாய். அதற்காகத் தமிழைத் தலைகீழாகக் கவிழ்த்து உதற வேண்டுமென்றாலும் உதறுவேன்.

ஆயினும் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஊரார் இடுப்பளவை நாடாவால் பிடித்து, திரைக்கு வெளியே நிற்பவர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்பவள் நீ. உன் சொந்த அளவை மட்டும் உலகத்துக்கு மறைக்கிறாய். உன்னை "அக்கா" என்றவருக்குத் துணி நாள் தவறாமல் வருகிறது. "பாட்டிம்மா" என்றவருக்கு வந்த சட்டையில் கை நுழைந்தால் தலை நுழையவில்லை. நான் கடைக்கு வந்தால் வாடிக்கையாளரிடம், "எங்க பெரியண்ணன். எனக்கு அப்பா மாதிரி" என்று அறிமுகம் செய்கிறாய். நானும் தாடியைத் தடவிக்கொண்டு அப்பா மாதிரியே நிற்கிறேன். உடன்பிறந்தவளுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் மறை ஓதி என்ன பயன்.

இனி இக்கடிதம் பட்ட பாட்டைக் கேள். என் மருமகள் தணிக்கை அலுவலகத்தில் பணிபுரிபவள். எண் எந்தப் பொந்தில் ஒளிந்தாலும் வாலைப் பிடித்து இழுப்பவள். அவளையே சரிபார்க்க அமர்த்தினேன். ஆண்டவனைக் குறிக்க நான் வழக்கமாக எழுதும் சொல்லையே சிவப்புக் கோட்டால் அடித்தாள். தனக்கு இணையில்லாதவன் என்பது அதன் பொருள் என்றேன். "பொருள் சரிதான் மாமா. ஆனா எண்ணிக்கை அங்கேருந்துதானே ஆரம்பிக்குது" என்றாள். மறைகளுக்கும் மலங்களுக்கும், புலன்களுக்கும் சுவைகளுக்கும், எடுக்கும் பிறப்புகளுக்கும், இறைவனின் குணங்களுக்கும்கூட நம் முன்னோர் எண் கட்டியே வைத்திருக்கிறார்கள். அவற்றை உருவியபின் என் பக்தி மொட்டை மரமாக நின்றது. சரி, பேறுகள் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்ற பழைய ஆசியையாவது வழங்குவோம் என்றால், அதன் தலையில் உட்கார்ந்திருக்கும் சொல்லை நீக்கியதும், எதைப் பெறுவது என்று தெரியாமல் அது விழிக்கிறது. உன் பேச்சு நதிபோல் ஓடும் என்று பாராட்ட, நதிக்கு உள்ள நல்ல தமிழ்ச்சொல்லைப் போட்டேன். அதுவும் கணக்கில் வரும் என்றாள். மனக்காயம் தணிக என்று எழுதப்போனால், அங்கும் அதே நதி ஓடுகிறது. எதற்கும் கலங்காதே என்பதைச் செய்யுள் நடையில் சொன்னேன். "அத்தை அதை விரல் விட்டு எண்ணுவாங்க மாமா" என்றாள். நீ நெடுந்தொலைவு நடக்கவேண்டுமென்று, நடக்கும் உறுப்பின் பெயரைச் சொல்லி அது வலிமை பெறுக என்றேன். அது பின்னமாம், பின்னமும் எண் இனத்தைச் சேர்ந்ததாம். கடைசியில், நலமாக இருக்க வேண்டும் என்று எழுதியதிலும் பேனாவை வைத்தாள். அப்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். "இருக்கவே கூடாது என்றால் அவளை எப்படியம்மா வாழ்த்துவது?" என்றேன். நெடுநேர வாதத்துக்குப்பின், தனித்து நின்றால் குற்றம், வினைக்குள் கரைந்து நின்றால் மன்னிப்பு என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் முகப்பு வணக்கத்தில் வரும் 'எட்டாதவன்' என்ற சொல்லும் உயிர் பிழைத்தது.

எண் இல்லாமலே வயதைக் காட்டிக்கொடுக்கும் சொற்களும் உண்டு என்பதை மாப்பிள்ளை தொலைபேசியில் விளக்கினார். "'இன்னும்'னு மட்டும் எழுதிடாதீங்க மச்சான். 'இன்னும் எவ்வளவு அழகா தைக்கிற'ன்னு தெரியாம சொல்லிட்டேன். என் சட்டைப் பொத்தானை நானே தைச்சுக்கிட்டேன்" என்றார். ஆகையால் இன்னும் என்பதை விலக்கினேன். வயதே தெரியவில்லை என்பதை விலக்கினேன். தெரியாதது எங்கோ உண்டு என்று அது குறிப்புக் காட்டும். பாலம் கட்டியபோது, வெள்ளம் வந்தபோது என்று பழங்கதை பேசினால், பாலத்தின் வயதைக் கேட்டு உன் வயதைப் பிடித்துவிடுவார்கள், அதையும் விலக்கினேன். நீடூழி வாழ்க என்பதில் எண் இல்லை. ஆனால் வழியனுப்பி வைப்பதுபோல் ஒலிக்கிறது என்று மருமகள் முகம் சுளித்தாள்.

கழித்தது போக மிஞ்சியது நீ மட்டுமே. ஆகவே உன்னையே வாழ்த்துகிறேன். உன் கண் ஊசியின் காதைத் தேடாமல் காண்க. உன் நூல் சிக்காமல் ஓடுக. துணி பற்றாதென்று பிறர் கைவிட்ட இடத்தில், ஒட்டுத் தெரியாமல் ஒட்டுப் போடும் உன் விரல்கள் நடுங்காதிருக்க. மணநாள் காலையில் உடை கிழிந்ததென்று அழுதுகொண்டு வந்த பெண்ணை உட்காரவைத்து, அவள் சிரிக்கும்வரை பேசிக்கொண்டே தைத்துக் கொடுத்தாயே, அந்தப் பேச்சு வற்றாதிருக்க. உன்னை அக்கா என்பவர் பெருகுக. நாளை மாலை உன் இருக்கை உன்னால் நிறைக.

இதைப் படிக்கும் உனக்கும், உன் இல்லத்துக்கும், உன் கடையின் கூரைக்குக் கீழ் உழைத்து உண்ணும் அனைவருக்கும் இறையருள் துணைநிற்க.

இப்படிக்கு,
உன் நலமே நாடும்
அண்ணன்.

பின்குறிப்பு: உறையில் இடுமுன் கேக் கடைக்குப் போய்வந்தேன். மறைப்பது பாவம் என்பதால், உன் நிபந்தனை பின்குறிப்பைக் கட்டாது என்று துணிந்து எழுதுகிறேன். யாருக்குப் பிறந்தநாள் என்று கடைக்காரர் கேட்டார். எனக்கும் தங்கைக்கும் என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே நாளா?" என்று வியந்தார். ஒரே நாள் மட்டுமல்ல, ஒரே காலை; நாங்கள் இரட்டையர்; செவிலி என்னைத் துடைத்து முடிக்குமுன் அவளும் வந்து அழத் தொடங்கிவிட்டாள் என்றேன். "உங்களுக்கு என்ன வயசு பெரியவரே?" என்றார். உன் வயதைச் சொல்லக்கூடாது என்பதுதானே நிபந்தனை. என் வயது என் சொந்தச் சொத்து. எழுபத்தைந்து என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். வீட்டில் பெட்டியைத் திறந்தால், 'அண்ணனுக்கும் தங்கைக்கும்' என்று எழுதி, அதன் கீழ் சிவப்புக் கிரீமில் தட்டகலத்துக்கு 75. மருமகள் எட்டிப் பார்த்தாள். "மாமா, இது அத்தைக்கும் பொருந்துமே" என்றாள். அவள் சொல்லும்வரை அது எனக்கு உறைக்கவில்லை.

ஆனாலும் நான் சோரவில்லை. கரண்டியை எடுத்து, ஐந்தை முழுவதும் தின்று முடித்துவிட்டேன். மருத்துவர் திட்டுவார், திட்டட்டும். இப்போது கேக்கின்மேல் ஏழு மட்டுமே இருக்கிறது. ஏழு வயதுக்காரியைப் பாட்டி என்று எவரும் அழைக்க முடியாது; தைரியமாக வந்து வெட்டு. ஆனால் இனிமேல் கடையில் என்னை அப்பா மாதிரி என்று சொல்லாதே. கணக்கு உதைக்கும். தாத்தா மாதிரி என்று சொல்.