சோலார் வெந்நீரும் ஒரு சும்மாவும்

குற்றாலம்.

அன்புள்ள மச்சான் அல்தாபுக்கு, மூசா ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கு நானும், உன் அக்கா ஜுஹைனாவும், ஐந்தருவியின் ஐந்து பிரிவும் நலம். ஷார்ஜா வெயிலில் நீயும் நலமாயிருக்க துஆ செய்கிறோம்.

என் லாட்ஜ் வாட்ஸ்அப் குரூப் மாதிரி கலகலப்பான குரூப் உலகத்திலேயே கிடையாது என்று உன்னிடம் பீற்றிக்கொண்டிருந்தேன் அல்லவா? வரவேற்பில் இருக்கும் ஜெயசித்ரா, "மொதலாளி, ரெண்டாம் மாடிக்கு வெந்நி வேணும்னா வெயிலைப் பார்சல்ல வரவழைக்கணும் போல 😂 சும்மா சொன்னேன்" என்று போடுவாள். அறை சுத்தம் செய்யும் மாரி சிரிப்புப் பொம்மையாகக் கொட்டுவான். நானும் கொட்டுவேன். மறுநாள், "நம்ம போர்டுல இருபத்துநாலு மணி நேரமும் வெந்நின்னு போட்டிருக்கே, அது எந்த ஊரு நேரம்? 😂 சும்மா" என்பாள். உன் அக்காவிடம் வாசித்துக் காட்டி, "பிள்ளைகளுக்கு என் மேல என்ன பிரியம் பாரு" என்றேன்.

போன வாரம் குரூப் ஊமையாகிவிட்டது. எதைப் போட்டாலும் ஜெயசித்ராவிடமிருந்து "சரி மொதலாளி" மட்டும்தான். விசாரித்தால், செங்கோட்டையில் ஒரு லாட்ஜில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீசன் நடுவுல அவ போய்ட்டா என் கதி என்ன மச்சான்? லாட்ஜே அவ கையிலதானே ஓடுது! நேரே போய், "ஏம்மா, தமாசாப் பேசிட்டிருந்த பிள்ளைக்கு என்னாச்சு?" என்றேன்.

"தமாசா? அம்புட்டும் புகாரு மொதலாளி. சாரல் நேரத்துல சோலார் சூடாவாதுன்னு மே மாசமே நேர்ல சொன்னேன். அருவியில குளிக்க வந்தவனுக்கு வெந்நி எதுக்குன்னு கத்திட்டு, ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்திய. அதான் சும்மான்னு ஒரு வாலு போட்டேன். நீங்க கோவப்பட்டா வெளையாட்டுக்குன்னு தப்பிச்சிக்கிடலாம்லா? மாரி பொம்ம போட்டது சிரிச்சு இல்ல, ஆமா உண்மைதான்னு சொல்லுததுக்கு. நீங்க என்னன்னா கூடச் சேர்ந்து சிரிச்சிட்டுப் போயிருதிய. தங்குதவுக எல்லாம் என்னையத்தான் ஏசுதாவ" என்றாள். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் உட்கார்ந்து, அந்த "சும்மா"வையும் பொம்மையையும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு குரூப்பை வாசித்தேன் மச்சான். சிரிப்பே வரவில்லை, வெட்கமாயிருந்தது. மறுநாளே தென்காசியிலிருந்து ஆள் கூட்டிவந்து கரண்ட் ஹீட்டர் மாட்டினேன். "இனி எதையும் நேரா சொல்லுங்க, நான் கத்த மாட்டேன்" என்று குரூப்பில் போட்டேன். பிறகு மாரி போட்டான்: "கீழ்த்தளத்து மெத்தையெல்லாம் ஈரவாடை அடிக்கி மொதலாளி." சும்மாவும் இல்லை, பொம்மையும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. கத்த வந்த வாயில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டு, "மாத்திருவோம்" என்று போட்டேன். ஜெயசித்ரா ஒரு சிவப்பு இதயம் போட்டாள். செங்கோட்டைக்குப் போகவில்லையாம், அல்ஹம்துலில்லாஹ்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் பரக்கத்தும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

இப்படிக்கு,
சும்மாவை ஒழித்த உன் மச்சான்,
மூசா

பி.கு.: "கண்ண மூடிட்டு வாங்குங்க மச்சான், சாரல்லயும் கொதிக்கும்" என்று அந்தச் சோலாரை என் தலையில் கட்டியவன் நீதான். லீவில் நீ வரும்போது தங்க ரெண்டாம் மாடியில் ஒரு அறையை ஒதுக்கி, அதற்கு மட்டும் பழைய சோலார் குழாயையே விட்டுவைத்திருக்கிறேன். சும்மா சொன்னேன் மச்சான் 😂